‘வேணும்னா எடுத்துடறேன்’

தோழிகள் இருவர் மெரினாவில் எடுத்துக்கொண்ட படத்தை ஒருத்தி இன்ஸ்டாகிராமில் போடுகிறாள். மற்றவளோ அன்று சொந்தக்காரர் வீட்டு வளைகாப்புக்கு, உடம்பு முடியவில்லை என்று சொல்லிப் போகாமல் இருந்தவள். விஷயம் தெரிந்ததும் போட்டவள் அனுப்புவது பெரும்பாலும் இதுதான்: “சாரிடி, உனக்குப் பிரச்சினைன்னா எடுத்துடறேன்.”

பார்க்க நல்ல வார்த்தை. ஆனால் படத்தை எடுக்கச் சொல்ல வேண்டுமானால், தனக்குப் பிரச்சினை இருப்பதை அவள் ஒப்புக்கொள்ள வேண்டும். நம் ஊர் வழக்கப்படி “பரவாயில்ல, இருக்கட்டும்” என்றே பதில் வரும். அந்தப் பதில் வரும் வரை படமும் அங்கேயே இருக்கும், சித்தி கண்ணில் படும் வரை.

ஆகவே முதலில் மறைத்துவிட வேண்டும், பிறகுதான் மன்னிப்பு. இன்ஸ்டாகிராமில் பதிவை ஆர்க்கைவ் செய்தால் போட்டவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. லைக்கும் கமென்ட்டும் அழியாமல் இருக்கும், வேண்டுமானால் பிறகு வெளியே எடுக்கலாம். டேக்கை மட்டும் நீக்கினால் போதாது. பெயர்தான் போகும், முகம் போகாது.

வாட்ஸ்அப் குழுவில் போட்டது இன்னும் சிக்கல். எல்லோருக்குமாக அழிக்கும் வசதி ஏறக்குறைய இரண்டு நாள்தான் கிடைக்கும். அழித்த இடத்தில் அழித்ததற்கான குறிப்பு நிற்கும்; சிலரது போன் கேலரியில் படம் ஏற்கெனவே இறங்கியிருக்கும். அதற்காகக் குழுவில் “எல்லாரும் அந்தப் படத்தை அழிச்சிடுங்க” என்று எழுதினால், கவனிக்காதவர்களும் தேடிப் பார்ப்பார்கள். மன்னிப்பையும் பதிவின் கீழே கமென்ட்டாக எழுதாமல் தனியாக அனுப்புவது இதனால்தான்.

இவ்வளவும் செய்தபின் செய்தி இப்படி இருக்கலாம்:

“கவி, நேத்து பீச்ல எடுத்த போட்டோவ உன்னக் கேக்காம இன்ஸ்டால போட்டுட்டேன். தப்புதான், சாரிடி. இப்போ மறைச்சுட்டேன். காலேஜ் குரூப்லயும் போட்டிருந்தேன், அதையும் எல்லாருக்கும் டெலீட் பண்ணிட்டேன். ஆனா காலைல இருந்து இருந்ததால சில பேர் பாத்திருப்பாங்க. மொத்தமா அழிக்கணுமா, சொல்லு. நீ ஒண்ணும் சொல்லலைன்னா மறைஞ்சே இருக்கட்டும்.”

கடைசி வரிதான் எனக்குப் பிடித்தது. பதில் வராவிட்டாலும் படம் வெளியே வராது. தோழி சங்கடப்பட்டு எதுவும் கேட்க வேண்டியதில்லை. எங்கெங்கே போட்டது, எவ்வளவு நேரம் இருந்தது என்று சொல்லியிருப்பதும் வெறும் நேர்மைக்காக அல்ல. சித்தி போன் செய்தால் என்ன சொல்வது என்று யோசிக்க அவளுக்கு அந்த விவரம் வேண்டும். “ஏன், என்ன ஆச்சு?” என்ற கேள்வி அதில் இல்லை, வளைகாப்புக் கதையை அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். “நீ அதுல அழகாத்தான் இருந்தே” என்பதும் வேண்டாம், அது படத்தைத் திரும்பப் போடக் கேட்கும் அனுமதி போலவே ஒலிக்கும்.

அவள் அழிக்கச் சொன்னால், டெலீட் செய்த பதிவு ‘Recently Deleted’ பகுதியில் 30 நாள் வரை கிடக்கும். அங்கேயும் போய் அழித்துவிட்டு, “அழிச்சாச்சு” என்று ஒரு வரி அனுப்பினால் போதும்.