முக்கால் நிமிடத்தில் ஓர் அழைப்பு: வெபினார் வீடியோவுக்கு வசனம் எழுதுவது எப்படி?

வாட்ஸாப் குழுக்களில் வாரத்துக்கு ஒன்றாவது வந்துவிடுகிறது, ‘இலவச வெபினார், அனைவரும் வருக’ என்ற வீடியோ. முதலில் லோகோ சுழலும். பிறகு ஒருவர் வணக்கம் சொல்லி, தன் பட்டங்களை அடுக்குவார். தலைப்பு என்ன, யாருக்காக என்று அவர் சொல்ல வருவதற்குள் பார்ப்பவரின் கட்டைவிரல் அடுத்த செய்திக்குப் போயிருக்கும். பேச்சாளர் நல்ல விஷயஞானம் உள்ளவராகவே இருக்கலாம். வசனம் எழுதிய வரிசைதான் தவறு.

இதை ஒரு உதாரணத்தோடு பார்ப்போம். தமிழ்நாட்டின் சிறு நகரம் ஒன்றில் இருக்கும் ஒரு வரி ஆலோசகர், சில்லறைக் கடைக்காரர்களுக்காக ஜிஎஸ்டி காம்போசிஷன் திட்டம் பற்றி ஜூமில் ஒரு மணி நேரம் பேச நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ஒரு அழைப்பு வீடியோ வேண்டும்.

முதலில் விஷயத்தைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்வோம். ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடி ரூபாய்க்குள் இருக்கும் வியாபாரி, வழக்கமான ஜிஎஸ்டி முறைக்குப் பதிலாகக் காம்போசிஷனைத் தேர்ந்தெடுக்கலாம். தன் வரிக்குட்பட்ட விற்பனையில் ஒரு சதவீதத்தை வரியாகக் கட்டினால் போதும். 60 லட்சம் விற்றால் 60,000 ரூபாய். மாதாமாதம் கணக்குத் தாக்கல் செய்யும் பாடும் குறையும். ஆனால் அந்த வரியை வாடிக்கையாளரிடம் வாங்கக் கூடாது. கொள்முதலில் கட்டிய வரியைத் திரும்பக் கழித்துக்கொள்ளவும் முடியாது. வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்கவும் முடியாது. வழக்கமான முறையில் இருப்பவர் அடுத்த நிதியாண்டு முதல் இதற்கு மாற வேண்டுமானால், மார்ச் 31-க்குள் CMP-02 என்ற படிவத்தை ஜிஎஸ்டி தளத்தில் தாக்கல் செய்தாக வேண்டும்.

இதை வைத்து பெரும்பாலோர் எழுதும் முதல் வரி, ‘காம்போசிஷன் திட்டம் பற்றி அறிந்துகொள்ளுங்கள்’ என்பதாக இருக்கும். அது தலைப்பு, பயன் அல்ல. சற்றுத் துணிந்தவர் ‘உங்கள் வரியைக் குறையுங்கள்’ என்று எழுதுவார். இது கவர்ச்சியாக இருக்கிறது, ஆனால் எல்லோருக்கும் உண்மையல்ல. ஒரு பேப்பர் கடைக்காரர் பெரும்பாலும் ஜிஎஸ்டி எண் உள்ள அலுவலகங்களுக்கே விற்கிறார் என்றால், காம்போசிஷனுக்கு மாறினதும் அந்த அலுவலகங்களுக்கு இவர் பில்லில் வரிக்கழிவு கிடைக்காது. அவர்கள் வேறு கடை பார்க்கப் போய்விடலாம். அவருக்கு இந்தத் திட்டம் நஷ்டம். வரி குறையும் என்று நம்பி வந்தவர், கூட்டத்தின் பாதியில் இதைக் கேட்டால் அத்தோடு எழுந்து போவார்.

ஆகவே நேர்மையாகத் தரக்கூடிய வாக்குறுதி ஒன்றுதான்: மாறலாமா, வேண்டாமா என்ற முடிவு. கூட்டம் முடியும்போது பார்வையாளர் கையில் என்ன இருக்கும் என்று கேட்டுப் பார்த்து, அதையே பயனாக எழுத வேண்டும். இங்கே அவர் கையில் இருப்பது, தன் கடைக் கணக்கை வைத்துத் தானே எடுத்த ஒரு முடிவு. போன வருஷ விற்பனை, கொள்முதல் தொகைகளை எழுதிக்கொண்டு வரச் சொன்னால் அந்த வாக்குறுதி இன்னும் திடமாகிறது. சும்மா கேட்டுவிட்டுப் போகும் கூட்டமல்ல, உட்கார்ந்து கணக்குப் போடும் கூட்டம் என்று அவருக்குப் புரிந்துவிடும்.

அடுத்தது தேதி. இங்கே தேதி தன்னிச்சையாக வைப்பதல்ல. மார்ச் 31 என்ற கெடுவிலிருந்து பின்னோக்கி எண்ணி வைப்பது. கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு கூட்டம் நடத்தினால், முடிவெடுத்தவருக்குப் படிவம் போட அவகாசமில்லை. ஜனவரியில் நடத்தினால், ‘இன்னும் நாள் இருக்கே’ என்று தள்ளிப்போடுவார்கள். மார்ச் நடுப்பகுதி சரி. 2026-ஐ எடுத்துக்கொண்டால் மார்ச் 14, சனிக்கிழமை. நேரத்தையும் பார்ப்பவரின் நாளை வைத்தே முடிவு செய்ய வேண்டும். அலுவலகம் போகிறவர்களுக்கு மாலை 7 மணி தோது. மளிகைக் கடைக்காரருக்கு அதுதான் கல்லாவை விட்டு நகர முடியாத நேரம். அவருக்கு மதியம் 3 மணி நல்லது.

தேதியைச் சொல்லும்போது ‘நாளை’, ‘வரும் சனிக்கிழமை’ என்று சொல்லவே கூடாது. வாட்ஸாப்பில் வீடியோ கைமாறிக் கைமாறி எப்போது யாரிடம் போய்ச் சேரும் என்று தெரியாது. மாதம், தேதி, கிழமை, நேரம் நான்கும் காதிலும் விழ வேண்டும், திரையிலும் எழுத்தாகத் தெரிய வேண்டும். பஸ்ஸிலும் கடையிலும் பலர் ஒலியை அணைத்துவிட்டுத்தான் பார்க்கிறார்கள்.

பேச்சாளர் அறிமுகம் பயனுக்குப் பிறகு வர வேண்டும், ஒரே வாக்கியத்தில். ‘இது எனக்கானதுதான்’ என்று பார்ப்பவருக்குத் தோன்றிய பிறகே ‘இவர் பேச்சைக் கேட்கலாமா’ என்ற கேள்வி எழும். அந்தக் கேள்விக்கு எம்.காம்., பி.எல்., விருதுகள் எல்லாம் பதிலாகாது. என்னைப் போன்ற கடைகளோடு இவருக்குப் பழக்கம் உண்டா என்பதுதான் கடைக்காரருக்குத் தெரிய வேண்டும். ஜிஎஸ்டி 2017 ஜூலையில் வந்தது; அன்று முதல் சில்லறைக் கடைகளுக்குக் கணக்குத் தாக்கல் செய்கிறவர் என்றால் அந்த ஒன்றே போதும். ஒரு எச்சரிக்கை: பேசுகிறவர் ஆடிட்டராகவோ வழக்கறிஞராகவோ இருந்தால், தங்களை விளம்பரப்படுத்திக்கொள்ள அவர்களது தொழில் விதிகளில் கட்டுப்பாடு உண்டு. வீடியோவில் எதுவரை சொல்லலாம் என்று அவரே விதிகளைப் பார்த்து உறுதிசெய்த பிறகுதான் வசனத்தை முடிக்க வேண்டும்.

கடைசியாகப் பதிவு. ‘லிங்க்கைத் தொடுங்கள், அல்லது இந்த எண்ணுக்கு அழையுங்கள், அல்லது க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள்’ என்று மூன்று வழி சொன்னால், எதைச் செய்வது என்ற யோசனையிலேயே ஆள் நழுவிவிடுவார். க்யூஆர் கோடு போஸ்டருக்குச் சரி. கைபேசியில் வீடியோ பார்க்கிறவர் அதே கைபேசியால் அதை எப்படிப் படம்பிடிப்பார்? கூகுள் ஃபார்மிலும் ஒரு சிக்கல் உண்டு. ‘ஒருவருக்கு ஒரு பதில்’ என்ற அமைப்பை இயக்கியிருந்தால், கூகுள் கணக்கில் உள்நுழையச் சொல்லும். பாஸ்வேர்டு நினைவில்லாதவர் அங்கேயே திரும்பிவிடுவார்.

கடைக்காரர்களுக்குப் பழகியது வாட்ஸாப். அதற்கென்றே ஒரு லிங்க் வடிவம் இருக்கிறது:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=GST
```

91-க்குப் பின்னால் உங்கள் பத்து இலக்க எண். கூட்டல் குறியோ இடைவெளியோ வேண்டாம். இதைத் தொட்டால் உங்களோடு பேசும் திரை திறக்கும், GST என்ற சொல் ஏற்கெனவே தட்டச்சாகி நிற்கும். அவர் அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. ஆனால் இன்ஸ்டாகிராமில் வீடியோவின் கீழ் எழுதும் லிங்க்கைத் தொட்டால் திறக்காது. அங்கே போடுவதற்கு, ‘புரொஃபைலில் உள்ள லிங்க்’ என்று கடைசி வரியை மட்டும் மாற்றி இன்னொரு பிரதி எடுக்க வேண்டும்.

இவ்வளவும் சேர்ந்தால் வசனம் இப்படி வரும்.

முதல் 10 நொடி: “மளிகைக் கடை, பாத்திரக் கடை, ஸ்டேஷனரி கடை வச்சிருக்கீங்களா? ஜிஎஸ்டியில காம்போசிஷனுக்கு மாறலாமா வேணாமான்னு மார்ச் 31-க்குள்ள முடிவு பண்ணியாகணும்.”

அடுத்த 15 நொடி: “போன வருஷ விற்பனை, கொள்முதல் ரெண்டையும் எழுதிட்டு வாங்க. மாறினா உங்க கடைக்கு லாபமா நஷ்டமான்னு ஒரு மணி நேரத்துல நீங்களே கணக்குப் போட்டுப் பாத்துடலாம். வெளிமாநிலத்துக்குச் சரக்கு விக்கிறவங்களுக்கு மட்டும் இந்தத் திட்டம் கிடையாது.”

அடுத்த 7 நொடி: “நான் (பெயர்). 2017-ல ஜிஎஸ்டி வந்த நாள்லேர்ந்து சில்லறைக் கடைகளுக்குக் கணக்குத் தாக்கல் பண்ணிக் கொடுக்கிறேன்.”

அடுத்த 6 நொடி: “மார்ச் 14, சனிக்கிழமை, மத்தியானம் மூணு மணி, ஜூம்ல. கட்டணம் கிடையாது.”

கடைசி 7 நொடி: “கீழ இருக்கிற லிங்க்கைத் தொட்டு, வாட்ஸாப்ல அனுப்புங்க. கூட்டத்துக்கான லிங்க் அங்கேயே வந்துடும்.”

வெளிமாநில வியாபாரியை வேண்டாம் என்று சொல்லும் வரியை வெட்டத் தோன்றும். வெட்டாதீர்கள். தனக்குப் பொருந்தாதவர் விலகும்போது, மிஞ்சியவருக்கு இது தனக்கே சொன்னது போல ஆகிறது. வாயால் படித்துக் கைபேசியில் நேரம் பாருங்கள். 50 நொடியைத் தாண்டினால் வேகமாகப் பேசிச் சமாளிக்காமல், அறிமுகத்தில் சொல் குறையுங்கள். ஒரு மணி நேரம் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டதால் ஜூம் கணக்கையும் பார்த்துவிடுவது நல்லது. இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் கூட்டம் தானாக முடிந்துவிடும், நூறு பேருக்கு மேல் உள்ளே வர முடியாது.

வெளியிடும் முன், லிங்க்கை உங்கள் கைபேசியில் சோதிப்பது போதாது. வேறொருவர் கைபேசியில் தொட்டுப் பாருங்கள். வாட்ஸாப் பிசினஸில் வரவேற்புச் செய்தியாக ஜூம் லிங்க்கை வைத்தால் பதில் தானாகப் போகும். ஆனால் அந்தச் செய்தி முதன்முறை எழுதுபவருக்கும், 14 நாளாகப் பேச்சில்லாதவருக்கும் மட்டுமே போகும். போன வாரம்தான் உங்களிடம் பேசிய பழைய வாடிக்கையாளர் GST என்று அனுப்பிவிட்டுக் காத்துக்கொண்டிருப்பார். அவர்களுக்கு நீங்களே கையால் அனுப்ப வேண்டும்.

வசனத்தின் எந்த வரி பழுது என்பதை விளைவே காட்டிக்கொடுக்கும். நிறையப் பேர் பார்த்தும் யாரும் பதியவில்லை என்றால், முதல் இரண்டு பகுதியில் தங்களுக்கு இது என்று அவர்கள் உணரவில்லை, அல்லது லிங்க் திறக்கவில்லை. லிங்க்கை முதலில் பாருங்கள். அதைச் சரிசெய்வது எளிது. நிறையப் பேர் பதிந்து சிலரே வந்தால், நாளும் நேரமும் தோதாக இல்லை, அல்லது அன்று காலை நீங்கள் ஞாபகப்படுத்தவில்லை. வந்தவர்கள் உங்கள் பேச்சுக்குச் சம்பந்தமில்லாத கேள்விகளையே கேட்டால், பயன் வரியில் நீங்கள் சொன்னது ஒன்று, அவர்களுக்குக் கேட்டது வேறொன்று. அடுத்த கூட்டத்துக்கு அந்த ஒரு வரியை மட்டும் மாற்றிப் பாருங்கள். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

மார்ச் 14 கடந்தாலும் வீடியோ குழுக்களில் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அன்று மாலையே வரவேற்புச் செய்தியை மாற்றி, கூட்டம் முடிந்துவிட்டது, CMP-02-க்குக் கெடு மார்ச் 31, சந்தேகம் இருந்தால் இங்கேயே கேளுங்கள் என்று வைத்துவிட வேண்டும். தாமதமாகப் பார்த்துத் தொடுகிறவரும் இன்னும் படிவம் போட முடிகிற கடைக்காரராக இருக்கலாம்.