கடிதம் உங்களைப் பற்றியது, வீட்டைப் பற்றியதல்ல

சென்னையில் பிளாட் பார்க்கப் போனால், விலை பேசி முடிந்ததும் விற்பனைப் பிரிவில் கேட்பார்கள்: “பேங்க்ல இன்-பிரின்சிபிள் லெட்டர் வாங்கியாச்சா சார்?” பாதி வழியில் ‘லோன் கிடைக்கல’ என்று சொல்பவருக்காக ஒரு பிளாட்டை நிறுத்தி வைத்தால் பில்டருக்கு நஷ்டம். அதனால்தான் சிலர் இந்தக் கடிதம் இல்லாமல் புக்கிங் படிவத்தையே எடுப்பதில்லை. ‘உங்களுக்கு இவ்வளவு லட்சம் கடன் தயார்’ என்று போனுக்கு வரும் குறுஞ்செய்தியைக் காட்டினால் போதாது. உங்கள் பெயர், தொகை, எந்தத் தேதி வரை செல்லும் என்பதெல்லாம் உள்ள வங்கிக் கடிதம் வேண்டும்.

கிளையில் கேட்டால், “முதல்ல வீட்டு டாகுமெண்ட் கொண்டு வாங்க” என்று திருப்பி அனுப்புவது உண்டு. ‘வீடு இன்னும் முடிவாகவில்லை, வருமானத்தை வைத்துக் கொள்கை அளவிலான ஒப்புதல் வேண்டும்’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். முடிந்தால் வீட்டுக்கடன் பிரிவிலேயே நேராகக் கேளுங்கள். மாதச் சம்பளக்காரர் என்றால் பான், ஆதார், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம், இரண்டு ஆண்டு படிவம் 16 ஆகியவை பெரும்பாலும் போதும். இந்தக் கட்டத்திலேயே பிராசஸிங் கட்டணம் உண்டா, கடன் எடுக்காவிட்டால் அது திரும்ப வருமா என்பதையும் கேட்டுவிடுங்கள். ஒரே வாரத்தில் நாலைந்து வங்கிகளில் விண்ணப்பிக்க வேண்டாம். ஒவ்வொரு வங்கி விசாரிப்பதும் சிபில் அறிக்கையில் பதிவாகும். மதிப்பெண்ணும் கொஞ்சம் இறங்கலாம்.

கடிதத்தில் வரும் தொகை எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று பார்ப்போம். கணவனும் மனைவியும் சேர்ந்து கையில் வாங்கும் சம்பளம் மாதம் 80,000 ரூபாய். அதில் பாதி வரை தவணைகளுக்குப் போகலாம் என்பது வங்கியின் கணக்கு என்று வைத்துக்கொள்வோம் (வருமானத்தைப் பொறுத்து இது கூடும், குறையும்). அப்படியானால் 40,000. கார் கடனுக்கு மாதம் 12,000 போகிறது, மிச்சம் 28,000. எட்டரை சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்குத் தவணை சுமார் 868 ரூபாய். ஆக, கடிதத்தில் வருவது ஏறக்குறைய 32 லட்சம்.

இப்போது அதே கார் கடனைப் பாருங்கள். பாக்கி 22 தவணைதான். இன்றைக்கே கட்டி முடிக்கச் சுமார் இரண்டரை லட்சம் ஆகும். அதை அடைத்துவிட்டால் 40,000 ரூபாயும் வீட்டுக்கே. கடன் தகுதி 46 லட்சம். இரண்டரை லட்சம் செலவழித்தால் தகுதி 14 லட்சம் ஏறுகிறது! கடிதம் வாங்கும் முன்பே இதைச் செய்வதுதான் புத்திசாலித்தனம். சிபிலில் கணக்கு மூடப்பட்டதாகத் தெரியச் சில வாரம் ஆகலாம் என்பதால், கடன் முடிந்ததற்கான சான்றை வாங்கி விண்ணப்பத்தோடு இணைத்துவிடுங்கள்.

சரி, 46 லட்சத்துக்குக் கடிதம் வந்துவிட்டது, பிளாட்டின் விலை 60 லட்சம். கையில் 14 லட்சம் இருந்தால் போதுமா? பலர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். வங்கி இதுவரை உங்களைத்தான் எடைபோட்டிருக்கிறது, வீட்டை இன்னும் பார்க்கவே இல்லை. இறுதி ஒப்புதலுக்கு முன் வக்கீல் பத்திரங்களைப் படிப்பார், மதிப்பீட்டாளர் இடத்தைப் பார்ப்பார். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான கடனுக்கு, வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சம். மதிப்பீட்டாளர் 56 லட்சம் என்று எழுதினால், வங்கி பொதுவாக அந்தக் குறைந்த தொகையையே எடுத்துக்கொள்ளும். அதில் 80 சதவீதம் 44.8 லட்சம். கடிதத்தில் 46 லட்சம் இருந்தாலும், கைக்காசு 15.2 லட்சம் வேண்டும். பத்திரச் செலவு இதில் சேராது. கட்டி முடியாத பிளாட் என்றால் சாதாரணமாக 5 சதவீத ஜிஎஸ்டி, அதாவது 3 லட்சம், தனி.

வக்கீலுக்கு வில்லங்கம் ஏதாவது தென்பட்டால் கடனே கிடைக்காது. அப்போது புக்கிங் பணம் என்னவாகும்? பில்டரின் படிவத்தில் ரத்துக் கட்டணம் என்று ஒரு வரி இருக்கும், தப்பு யார் மேல் என்று அந்த வரி பார்க்காது. எனவே கடிதத்தை நீட்டும் அன்றே பில்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்தத் திட்டத்துக்கு உங்கள் வங்கி ஏற்கெனவே ஒப்புதல் தந்திருக்கிறதா? தந்திருந்தால் பத்திரச் சோதனையில் பெரும்பகுதி முடிந்தமாதிரிதான். தமிழ்நாடு ரெரா பதிவு எண் என்ன? வாங்கி இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள். ரெரா சட்டத்தின் 13-ஆம் பிரிவுப்படி, விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது. 60 லட்சம் வீட்டுக்கு அது 6 லட்சம். அதிலும் புக்கிங்குக்கு முடிந்தவரை சிறிய தொகையைக் கொடுப்பதே நல்லது.

படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: ‘சொத்தின் ஆவணம் அல்லது கட்டுமானம் தொடர்பான காரணத்தால் வங்கி கடன் மறுத்தால், புக்கிங் தொகை முழுவதும் 30 நாளில் திருப்பித் தரப்படும்.’ விற்பனைப் பிரிவு ஊழியர் “அதெல்லாம் பாத்துக்கலாம் சார்” என்பார். அவரை விட்டு மேலாளரிடம் பேசுங்கள், வாய்ச்சொல் வேண்டாம், எழுத்தில் வாங்குங்கள். கடிதம் மூன்று மாதமோ ஆறு மாதமோதான் செல்லும் என்பதால், அந்தப் பேச்சை இழுக்கவும் விடாதீர்கள்.