15 கணக்கா, 6 கணக்கா? ஹோம்வொர்க்கின் அளவு எப்படி முடிவாகணும்?

சாயங்காலம் ஆனால் பள்ளி வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு மெசேஜ் வந்து விழும். 'கணக்கு: பின்னங்கள். பயிற்சியில் 1 முதல் 15 வரை நோட்டில் செய்து வரவும்.' பெற்றோர் வரிசையாக ஒரு தம்ஸ்-அப் போடுவார்கள். அதோடு முடிந்தது.

அந்த மெசேஜில் மூன்று விஷயம் இல்லை. இந்த 15 கணக்கு எதற்கு? எவ்வளவு நேரம் ஆகும்? நாளைக்கு நோட்டைப் பார்த்து ஆசிரியர் என்ன செய்யப் போகிறார்? ஏன் 15 என்று கேட்டால், புத்தகத்தில் 15 இருக்கிறது என்பதுதான் பெரும்பாலும் பதிலாக இருக்கும்.

ஹோம்வொர்க்கையும் பாடம் மாதிரியே திட்டமிட்டுத்தான் கொடுக்க வேண்டும். அது எப்படி என்று பார்க்க, பலருக்கும் பள்ளியில் தலைவலி கொடுத்த ஒரு பாடத்தையே எடுத்துக்கொள்வோம். ஆறாம் வகுப்பு, வேற்றின பின்னங்களைக் கூட்டுவது. அதாவது 1/2 + 1/3 போல, கீழே இருக்கும் எண்கள் வேறு வேறாக உள்ள கணக்குகள்.

முதலில் நிமிஷம், அப்புறம்தான் கணக்கு

அளவை எண்ணிக்கையில் யோசித்தால் சிக்கல். நேரத்தில் யோசித்தால் வழி தெரியும்.

இதற்கு உலகம் முழுக்கப் பேசப்படும் ஒரு கணக்கு, '10 நிமிட விதி'. வகுப்பு எண்ணை 10 ஆல் பெருக்கினால், ஒரு நாளைக்கு எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து எத்தனை நிமிடம் என்று வந்துவிடும். ஹோம்வொர்க் ஆய்வுகளைப் பல வருடங்களாகத் தொகுத்த அமெரிக்க உளவியலாளர் ஹாரிஸ் கூப்பர் இதைப் பரிந்துரைத்தவர்களில் முக்கியமானவர். அவர் தொகுப்பிலேயே இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஹோம்வொர்க்குக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு பெரிய வகுப்புகளில் தெளிவாகத் தெரிகிறது, சின்ன வகுப்புகளில் ரொம்ப மெலிதாகிவிடுகிறது.

நம் ஊர் விதியும் கிட்டத்தட்ட இதே இடத்தில்தான் வந்து நிற்கிறது. 1, 2-ஆம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் சொன்னது. மத்திய கல்வி அமைச்சகத்தின் 2020 பள்ளிப் பை கொள்கை, 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம் என்கிறது.

ஆக, ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இருப்பது 60 நிமிடம். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என ஐந்து பாடம். எல்லோரும் ஒரே நாளில் கொடுத்தால் கணக்கு வாத்தியாரின் பங்கு 12 நிமிடம். பக்கத்து வகுப்பு ஆசிரியர் என்ன கொடுத்திருக்கிறார் என்று ஸ்டாஃப் ரூமில் யாரும் கேட்பதில்லை என்பதால், இந்தப் பங்கீடு பல பள்ளிகளில் நடப்பதே இல்லை. அது தனிக் கதை.

12 நிமிடத்தில் எத்தனை கணக்கு? ஆசிரியர் தானே பேனா எடுத்து, எல்லாப் படிகளையும் எழுதி, நேரம் பார்க்க வேண்டும். அதை மூன்றாலோ நான்காலோ பெருக்கினால் புதிதாகக் கற்ற பிள்ளைக்கு ஆகும் நேரம் ஓரளவு கிடைக்கும். இந்தக் கணக்கை ஆசிரியர் அரை நிமிடத்தில் முடித்தால், பிள்ளைக்கு இரண்டு நிமிடம் ஆகலாம். அப்படியென்றால் 15 கணக்குக்கு அரை மணி நேரம். 12 நிமிடத்தில் அடங்குவது ஆறு.

ஆறு எவை? இங்கேதான் வேலையே இருக்கு

ஆறையும் புத்தகத்தில் இருந்து வரிசையாக எடுத்தால் பாதி பயன் போய்விடும். காரணம், பிள்ளை கணக்கைப் பார்ப்பதே இல்லை. எல்லாமே வேற்றின பின்னக் கூட்டல் என்று தெரிந்துவிட்டால், 'மீச்சிறு பொது மடங்கு எடு, மாத்து, கூட்டு' என்று கை தானாக ஓடும். எந்த இடத்தில் இந்த முறை வேண்டும், எங்கே வேண்டாம் என்று முடிவெடுக்கும் வாய்ப்பே வராது. பரீட்சையில் கேட்பதோ அந்த முடிவைத்தான்.

அமெரிக்காவில் டக் ரோரர் குழுவினர் ஏழாம் வகுப்பு கணக்கில் இதைச் சோதித்தார்கள். 54 வகுப்புகள். பாதிப் பேருக்கு ஒரே வகைக் கணக்குகள் மொத்தமாக, மீதிப் பேருக்குப் பல வகைகளைக் கலந்து. பயிற்சி முடிந்து ஒரு மாதம் கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு தேர்வு. கலந்து செய்தவர்களின் சராசரி 61 சதவீதம், மற்றவர்களுடையது 38. 2020-இல் வெளியான ஆய்வு இது. ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. கலந்து கொடுத்தால் செய்து முடிக்க நேரம் கூடும். அதனால் எண்ணிக்கையைக் குறைக்காமல் கலக்க முடியாது.

நம் ஆறு கணக்குகள் இப்படி அமையலாம்.

1. 1/3 + 1/4
2. 2/7 + 3/7
3. 3/4 + 1/6
4. 3/5, 2/3: எது பெரியது?
5. 2/5 + 3/10
6. ஒருவர் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருக்கிறார். கணக்கைப் போடாமலே இது தப்பு என்று எப்படிச் சொல்லலாம்? ஒரு வரியில் எழுது.

முதல் கணக்கு வகுப்பில் செய்ததைப் போன்றது. வீட்டில் உட்கார்ந்ததும் 'இது நமக்கு வரும்' என்று தொடங்க வைக்கும். இரண்டாவது ஒரு சின்னப் பொறி. கீழே ஏற்கெனவே ஒரே எண் இருக்கிறது. அதற்கும் மீச்சிறு பொது மடங்கு தேடி 49 வரை போகிற பிள்ளை, முறையை மனப்பாடம் செய்திருக்கிறது என்று அர்த்தம். நான்காவது பழைய பாடம். ஆறாவதில் கை ஓடாது, யோசிக்கத்தான் வேண்டும். 2/5 என்பது பாதிக்கும் குறைவு. பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பாதியை விடக் குறையுமா?

உண்மையான சாமர்த்தியம் மூன்றாவதில் இருக்கிறது. 3/4 + 1/6-க்கு விடை 11/12. மேலே உள்ளதை மேலேயும், கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டும் பிள்ளை 4/10 என்று எழுதும். 12 என்று சரியாகக் கண்டுபிடித்து, மேலே உள்ள எண்களை மாற்ற மறந்தால் 4/12 வரும். இரண்டு பகுதிகளையும் பெருக்கிச் செய்தால் 22/24. அது சரிதான், சுருக்கவில்லை, அவ்வளவுதான். நான்கு விதமான சிந்தனைக்கு நான்கு வெவ்வேறு விடை. கடைசி வரியை மட்டும் பார்த்தாலே பிள்ளை எங்கே நிற்கிறது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இதற்குப் பதிலாக 1/2 + 1/4 என்று கொடுத்தால்? அரையும் காலும் முக்கால் என்று கடைக்குப் போய் வந்த எந்தப் பிள்ளையும் சொல்லிவிடும். விடை சரியாக இருக்கும், முறை தெரியுமா என்பது தெரியாது.

கொடுக்கும் முன் ஒரு செக்

வகுப்பின் கடைசி மூன்று நிமிடத்தில் ஒரே ஒரு கணக்கைத் துண்டுச் சீட்டில் போடச் சொல்லிப் பார்க்கலாம். பாதி வகுப்புக்கு வரவில்லை என்றால், தயாரித்து வைத்த ஹோம்வொர்க்கை அன்றைக்குக் கொடுக்கக் கூடாது. புரியாததை வீட்டுக்கு அனுப்பினால் அதை அம்மாவோ டியூஷன் அக்காவோ நடத்த வேண்டியிருக்கும். சொல்லித்தர ஆளில்லாத வீட்டுப் பிள்ளை மறுநாள் காலையில் நண்பனின் நோட்டைத்தான் தேடும். அன்றைக்குப் பழைய பாடத்தில் மூன்று கணக்கு போதும்.

600 டிக் யாருக்காக?

40 பேர், ஆளுக்கு 15 கணக்கு என்றால் 600 கணக்கு. ஒன்றுக்குப் பத்து விநாடி வைத்தாலும் 100 நிமிடம், அதுவும் ஒரே ஒரு செக்‌ஷனுக்கு. அதனால்தான் நோட்டில் வெறும் டிக்கும், கீழே 'குட்'டும், தேதியும் மட்டும் இருக்கின்றன. ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. கொடுத்த அளவே அப்படி.

ஆறு கணக்கிலும் எல்லாவற்றையும் திருத்த வேண்டாம். 1, 2, 4, 5-க்கு விடையைப் பலகையில் எழுதிப்போட்டு, பிள்ளைகளே சரிபார்க்கட்டும். ஆசிரியர் பார்ப்பது 3-ம் 6-ம் மட்டும். நோட்டுக்கு அரை நிமிடம் என்றால் 20 நிமிடத்தில் 40 நோட்டு முடிந்துவிடும். பார்க்கும்போதே நோட்டுகளை விடை வாரியாக அடுக்க வேண்டும். 4/10 ஒரு அடுக்கு, 4/12 ஒரு அடுக்கு, சரியானவை ஒரு அடுக்கு.

மதிப்பெண் போடலாமா? 1988-இல் வெளியான ஆய்வில், இஸ்ரேல் பள்ளிப் பிள்ளைகளிடம் ரூத் பட்லர் மூன்று விதமாகச் செய்து பார்த்தார். சிலருக்குக் குறிப்பு மட்டும், சிலருக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்கு இரண்டும். அடுத்த வேலையில் முன்னேற்றம் தெரிந்தது குறிப்பு மட்டும் பெற்றவர்களிடம்தான். இரண்டும் கிடைத்தவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. அது ஹோம்வொர்க்கை வைத்துச் செய்த ஆய்வு அல்ல. ஆனால் 6/10 என்று பார்த்ததும் பக்கத்து நோட்டை எட்டிப் பார்க்கும் பிள்ளைகளைத் தெரிந்தவர்களுக்கு அது ஆச்சரியமாக இருக்காது.

குறிப்பும் 'கவனமாகச் செய்' மாதிரி இருக்கக் கூடாது. பிள்ளை அடுத்து எதைச் செய்ய வேண்டும் என்று அதில் இருக்கணும். 4/12 அடுக்குக்கு இப்படி: '12 சரி. 3/4-ஐ 12 பங்காகச் சொன்னால் எத்தனை பங்கு? எழுதிவிட்டு மறுபடி கூட்டு.' ஒரே குறிப்பு அந்த அடுக்கு முழுவதற்கும் பொருந்தும். பலகையில் ஒரு முறை எழுதினால் போதும்.

அதைச் செய்ய மறுநாள் வகுப்பின் முதல் பத்து நிமிடத்தை ஒதுக்க வேண்டும். நேரம் கொடுக்காத குறிப்பை யாரும் படிப்பதில்லை. 4/12 அடுக்கு தானே திருத்தட்டும். சரியாகச் செய்தவர்கள் 5/6 − 1/4 போடட்டும். அந்த நேரத்தில் ஆசிரியர் உட்கார வேண்டியது 4/10 அடுக்கோடு. 'முக்கால் தோசை தட்டில இருக்கு. இன்னும் கொஞ்சம் வைக்கிறேன். இப்போ பாதிக்கும் கம்மியாவா இருக்கும்?' அங்கிருந்து தொடங்கினால்தான் 4/10 ஏன் தப்பு என்பது அவர்களுக்கே தெரியும்.

எங்கே தவறும்?

பிள்ளைகளை நோட்டின் மூலையில் தொடங்கிய, முடித்த நேரத்தை எழுதச் சொன்னால் அளவு பற்றிய சந்தேகம் தீர்ந்துவிடும். பலர் 25 நிமிடம் என்று எழுதினால் அடுத்த முறை நான்கு கணக்கு. பல நோட்டுகளில் கடைசி இரண்டும் காலி என்றாலும் அதே முடிவுதான். எல்லோரும் ஆறாவதை ஒரே வாக்கியத்தில், ஒரே எழுத்துப் பிழையோடு எழுதியிருந்தால், வகுப்பில் ஒரே ஒருவர்தான் ஹோம்வொர்க் செய்திருக்கிறார். 4/10 அடுக்கு மட்டும் 25 நோட்டு உயரம் இருந்தால், பத்து நிமிடத் திருத்தம் போதாது. பாடத்தையே வேறு விதமாக மறுபடி நடத்த வேண்டும்.

மூன்றாவது கணக்கு சரியாக வந்த பிள்ளைக்கும் இன்னொரு சோதனை பாக்கி இருக்கிறது. இரண்டு வாரம் கழித்து, தசம எண்கள் பாடத்தின் ஹோம்வொர்க்கில் நான்காவதாக 2/3 + 1/8 என்று ஒரு கணக்கு சொல்லாமல் வரணும். அப்போது எத்தனை பேர் 3/11 எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அந்த வாரத் திட்டம்.