மழைக்கு முன்பே ஏறிய மஞ்சள்

2023 ஆகஸ்ட் மாதத்தில் இந்தியாவில் பெய்த மழை, 1901-க்குப் பிறகு எந்த ஆகஸ்டிலும் இல்லாத அளவுக்குக் குறைவு. வழக்கமாகப் பெய்ய வேண்டியதில் 36 சதவீதம் வரவே இல்லை. பருவத் தொடக்கத்தில் நட்ட மஞ்சள் அப்போது வயலில் தழைத்துக்கொண்டிருந்தது. அப்படியானால் அந்த மாதத்தில் மஞ்சள் விலை எகிறியிருக்க வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் முன்பேர வர்த்தகம் நடக்கும் என்.சி.டி.இ.எக்ஸ். சந்தையின் விலை வரைபடம் வேறு கதை சொல்கிறது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் உச்சத்தைத் தொட்ட விலை, மழை பொய்த்துக்கொண்டிருந்த அதே மாதத்தில் இறங்கத் தொடங்கியது. ஏற்றமெல்லாம் அதற்கு முன்பே நடந்துவிட்டது. ஜூன் தொடக்கத்தில் குவிண்டால் 8,000 ரூபாயை ஒட்டியிருந்த மஞ்சள், இரண்டே மாதத்தில் 16,000 ரூபாயைத் தாண்டியிருந்தது.

இதைச் சூதாட்டம் என்று சொல்லி ஒதுக்குகிறவர்கள் உண்டு. சூதாட்ட மனமும் இதில் கலந்திருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் அடிப்படைக் காரணம் அதுவல்ல. மஞ்சள் பல மாதங்கள், பல நேரம் வருடக்கணக்கில், மூட்டையில் இருக்கக்கூடிய பொருள். வேகவைத்து, உலர்த்தி, மெருகேற்றிய விரலி மஞ்சளை நல்ல விலைக்காக இரண்டு, மூன்று ஆண்டுகள்கூட இருப்பு வைத்திருக்கும் விவசாயிகள் ஈரோட்டுப் பக்கம் உண்டு. ஜூன் மாதம் ஏலத்துக்கு வரும் மஞ்சள் முந்தைய பிப்ரவரியிலோ மார்ச்சிலோ தோண்டி எடுத்தது. அந்த ஜூன் மழைக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் அதை இன்றைக்கே விற்பதா, அடுத்த அறுவடைவரை வைத்திருப்பதா என்று முடிவெடுக்க வேண்டியவர் ஒருவர் இருக்கிறார். அடுத்த ஆண்டின் விளைச்சல் பற்றிய அச்சம் இன்றைய விலைக்குள் நுழைவது அவர் வழியாகத்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. பயிர் பொய்த்தால் அடுத்த பிப்ரவரியில் குவிண்டால் 12,000 ரூபாய், நன்றாக விளைந்தால் 8,000 ரூபாய் என்று சந்தை நினைப்பதாக வைத்துக்கொள்வோம். அதுவரை இருப்பு வைக்க வட்டி, கிடங்கு வாடகை, எடை குறைவு எல்லாம் சேர்த்து 1,000 ரூபாய் செலவு. பொய்ப்பதற்கும் விளைவதற்கும் சரிபாதி வாய்ப்பு என்றால், பிப்ரவரி விலையின் சராசரி 10,000. செலவைக் கழித்தால் இன்றைய மதிப்பு 9,000. அதற்குக் குறைவாகக் கேட்டால் இருப்பு வைத்திருப்பவர் மூட்டையை அவிழ்க்க மாட்டார். பருவமழை தாமதம் என்று செய்தி வருகிறது. பயிர் பொய்க்கும் வாய்ப்பு நாலில் மூன்று பங்கு என்று சந்தை எண்ணத் தொடங்குகிறது. இப்போது சராசரி 11,000, இன்றைய மதிப்பு 10,000. வயலில் ஒரு செடிகூட வாடவில்லை, விலை 1,000 ரூபாய் ஏறிவிட்டது. பிறகு பயிர் உண்மையிலேயே பொய்த்துவிட்டது என்று உறுதியானாலும், விலை போகக்கூடியது 11,000 வரைதான். நடுவில் பதற்றத்தில் எல்லோரும் வாங்கிக் குவித்து அதை 12,000-க்குக் கொண்டுபோயிருந்தால், பயிர் பொய்த்த செய்தி வரும் நாளில் விலை இறங்கும். நிகழ்வு எதிர்பார்த்ததைவிட எவ்வளவு வேறுபட்டது என்பதற்குத்தான் விலை அசைகிறது. நிகழ்வு நல்லதா கெட்டதா என்பது அதற்குப் பிறகுதான்.

2023-ஐ இந்தக் கணக்கோடு சேர்த்துப் படிக்கலாம். அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் மஞ்சளுக்குக் கட்டுப்படியான விலை கிடைக்கவில்லை. நடும் பருவம் நெருங்கியபோது, பலர் வேறு பயிருக்கு மாறுகிறார்கள், பரப்பு குறையப்போகிறது என்ற பேச்சு தெலங்கானாவிலிருந்து ஈரோடுவரை இருந்தது. எல் நினோ வரும் என்ற எச்சரிக்கை ஏப்ரலிலேயே வந்துவிட்டது. வழக்கமாக ஜூன் 1-ஐ ஒட்டிக் கேரளத்தில் தொடங்கும் பருவமழை அந்த ஆண்டு ஜூன் 8-ல்தான் தொடங்கியது. ஜூன் மாத மழை நாடு முழுவதும் 10 சதவீதம் குறைவு. இவை அடுத்தடுத்து வந்தன, ஒவ்வொன்றுக்கும் விலை ஒரு படி ஏறியது. ஜூலையில் மழை இயல்பைவிட 13 சதவீதம் அதிகம் பெய்தும் ஏற்றம் நிற்கவில்லை. பதற்றம் கணக்கை மீறி ஓடிய கட்டம் அதுதான் என்று நினைக்கிறேன். விலை இரட்டிப்பானதும் பழைய இருப்புகள் வெளியே வர ஆரம்பிக்கும், வாங்குபவர்கள் கையை இழுத்துக்கொள்வார்கள், முன்பே வாங்கியவர்கள் லாபத்தை எடுத்துக்கொண்டு ஒதுங்குவார்கள். அதனால் ஆகஸ்டின் வறட்சிக்கு விலையில் செய்ய வேண்டிய வேலை மிச்சமில்லாமல் போயிற்று. ஆண்டு முடியும் தறுவாயில் விலை 13,000 ரூபாயைச் சுற்றி நின்றது.

அதே ஜூலையில் தக்காளியும் நூறு ரூபாயைத் தாண்டிப் பல ஊர்களில் வீட்டுச் செலவைக் கலங்கடித்தது. அது வேறு வகை ஏற்றம். தக்காளியை அடுத்த மாதத்துக்கு எடுத்துவைக்க வழியில்லை. அன்றைக்கு எத்தனை லாரி வந்தது என்பதுதான் அன்றைய விலை. எதிர்பார்ப்பு முன்கூட்டியே விலையாக மாற வேண்டுமானால் பொருளை இருப்பு வைக்க முடிய வேண்டும்.

அறுவடைக் காலத்திலும் இதே விதிதான் வேலை செய்கிறது. சாதாரண ஆண்டில் பிப்ரவரி, மார்ச் வரத்து நேரத்தில் மஞ்சள் விலை தளரும் என்பது சந்தைக்காரர் எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்ததாலேயே தளர்வு பெரும்பாலும் புது மஞ்சள் குவிவதற்கு முன்பே தொடங்கிவிடும். பல ஆண்டுகளின் சராசரியை ஒரே கோடாக வரைந்து, இந்த மாதத்தில் வாங்கு, அந்த மாதத்தில் விற்றுவிடு என்று காட்டும் வரைபடங்களை நம்பிக் கையைச் சுட்டுக்கொள்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். 2024-ல் அந்தச் சராசரி பொய்த்தது. மார்ச், ஏப்ரலில் வரத்து மும்முரமாக இருந்தபோதே விலை மறுபடி ஏறியது. களத்துக்கு வந்து சேர்ந்த மஞ்சள், வரும் என்று சந்தை நினைத்திருந்ததைவிடக் குறைவாக இருந்தது.

எதிர்பார்ப்பு ஏற்கெனவே விலைக்குள் வந்துவிட்டதா என்பதை முழு உறுதியோடு அறிய வழியில்லை. ஆனால் ஓர் அடையாளம் உண்டு. மழை இல்லை, பரப்பு குறைவு என்று கெட்ட செய்தி தொடர்ந்து வந்தும் விலை புது உச்சத்துக்குப் போக மறுத்தால், வாங்க வேண்டியவர்கள் பெரும்பாலும் வாங்கி முடித்துவிட்டார்கள் என்று கொள்ளலாம். அறுவடையின்போது இதைத் திருப்பிப் பார்க்க வேண்டும். வரத்து குவிந்தும் விலை இறங்க மறுத்தால், இறக்கம் முன்பே நடந்துவிட்டது.

வரைபடத்தைப் படிக்கும்போது இன்னும் இரண்டு இடங்களில் கவனம் தேவை. முன்பேர ஒப்பந்தம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம் உண்டு. அது முடிந்ததும் அடுத்த மாத ஒப்பந்தத்தின் விலையை ஒட்டி ஒரே நீளக் கோடாக வரைவார்கள். பழைய மஞ்சளுக்கான ஒப்பந்தம் முடிந்து புது மஞ்சளுக்கானது தொடங்கும் இடத்தில் விலை ஒரே நாளில் தாவியதுபோலத் தெரியும். சந்தையில் அன்று அப்படி எதுவும் நடந்திருக்காது, இரண்டு வேறு பொருள்களின் விலை அங்கே ஒட்டப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். அடுத்து, என்.சி.டி.இ.எக்ஸ். மஞ்சள் ஒப்பந்தம் நிஜாமாபாத்தை அடிப்படையாகக் கொண்டது. ஈரோட்டிலும் பெருந்துறையிலும் ஏலத்தில் கிடைக்கும் விலை அந்தக் கோட்டை அப்படியே பின்தொடர்வதில்லை. விரலிக்கு ஒரு விலை, கிழங்குக்கு ஒரு விலை. ஈரப்பதமும் நிறமும் பார்த்துத்தான் கேட்பார்கள். திரையில் விலை ஏறியிருக்கிறது என்பதற்காக மூட்டையை வைத்திருப்பவர், தன் ஊர் ஏல விலைக்கும் அதற்கும் உள்ள இடைவெளியைச் சில வாரங்களாவது எழுதிவைத்துப் பார்த்தபிறகு முடிவெடுப்பது நல்லது. அந்த இடைவெளி விரிந்துகொண்டே போனால், திரையில் தெரியும் ஏற்றம் அவர் கைக்கு வரும் ஏற்றம் அல்ல.