ஒரு ரூமில் மூன்று வெளிச்சம்: பனியன் சாம்பிளை நிறம் மாறாமல் படம் எடுப்பது எப்படி?

(மூன்றாமாண்டு டெக்ஸ்டைல் டெக்னாலஜி மாணவர் ஒருவர்)



நம்ம திருப்பூர் பக்கம் டிப்ளமோ முடித்தவர்களில் பலர் கடைசியில் ஏதாவதொரு பனியன் கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷனிலோ, மெர்ச்சண்டைசருக்கு உதவியாகவோ போய் நிற்பார்கள். அங்கே முதல் வாரத்திலேயே கையில் ஒரு கேமராவையோ செல்போனையோ கொடுத்து, "தம்பி, இந்த சாம்பிளை போட்டோ எடுத்து பையருக்கு அனுப்பிடுங்க" என்பார்கள். பட்டனை அமுக்குவது எளிது. ஆனால் சட்டை ஒரு நிறம், படம் வேறொரு நிறம் என்று வந்து நிற்கும்போதுதான் சிக்கல் தொடங்கும். இதற்குப் பெரும்பாலும் காரணம் கேமரா அல்ல. அந்த ரூமில் கலந்து கிடக்கும் வெளிச்சம்தான்.

வெளிச்சத்துக்கும் நிறம் உண்டு

வெள்ளை வெளிச்சம் எல்லாம் ஒன்றே என்று நம் கண் நம்மை நம்ப வைக்கிறது. உண்மையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சாயல் உண்டு. இதைக் கெல்வின் கணக்கில் சொல்வார்கள். வீட்டுக் குண்டு பல்பு சுமார் 2700 கெல்வின், மஞ்சள் சாயல். நடுப்பகல் வெயில் சுமார் 5500. வெயில் நேராகப் படாத வடக்கு ஜன்னலில் வானத்தின் வெளிச்சம் 7000-க்கும் மேலே போகும், நீலச் சாயல். நம் ஊரில் அதிகம் விற்கும் கூல் டேலைட் எல்.இ.டி. ட்யூப்லைட் 6500.

நம் மூளை இந்த வித்தியாசத்தைத் தானாகவே சரிக்கட்டி விடுகிறது. குண்டு பல்பின் கீழேயும் வெள்ளைத் தாளை வெள்ளையாகவே பார்க்கிறோம். கேமராவுக்கு அந்த மூளை இல்லை. அதற்கு நாம்தான், "இதுதான் வெள்ளை" என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். இதற்குப் பெயர்தான் ஒயிட் பேலன்ஸ். பிலிம் காலத்தில் டேலைட் பிலிம், டங்ஸ்டன் பிலிம் என்று இரண்டு வகை வைத்திருந்தார்கள். டிஜிட்டல் கேமராவில் அதே வேலையைக் கணக்குப் போட்டுச் செய்கிறார்கள், அவ்வளவே.

கேமரா போடும் கணக்கு

கேமராவின் சென்சார் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்களைத் தருகிறது. ஒயிட் பேலன்ஸ் என்பது சிவப்பை ஒரு எண்ணாலும் நீலத்தை இன்னொரு எண்ணாலும் பெருக்கிப் பச்சைக்குச் சமமாகக் கொண்டுவருவதுதான். ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். (எண்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை, கேமராவுக்குக் கேமரா மாறும்.)

ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு சாம்பல் நிற அட்டை சிவப்பு 100, பச்சை 200, நீலம் 160 என்று பதிகிறது. சிவப்பை 2-ஆலும் நீலத்தை 1.25-ஆலும் பெருக்கினால் மூன்றும் 200 ஆகிவிடும். அட்டை சாம்பலாகத் தெரியும். அதே அட்டை குண்டு பல்பின் கீழே சிவப்பு 170, பச்சை 200, நீலம் 70 என்று பதிகிறது. இதற்கும் ஜன்னலுக்கான எண்களையே போட்டால் சிவப்பு 340, நீலம் ஏறக்குறைய 88. அட்டை ஆரஞ்சாகிவிடும்.

"சரி, இரண்டுக்கும் நடுவாக வைத்தால்?" என்று கேட்பீர்கள். சிவப்புக்கு 1.6, நீலத்துக்கு 2 என்று வைத்துப் பாருங்கள். ஜன்னல் பக்கம் 160, 200, 320: நீலம். பல்பு பக்கம் 272, 200, 140: ஆரஞ்சு. இரண்டு பக்கமும் கெட்டது! படம் முழுவதற்கும் பெருக்கும் எண் ஒரே ஜோடிதான் என்பதால், ஒரே சட்டையின் இரு பக்கத்தில் இரு வெளிச்சம் விழுந்தால் எந்த செட்டிங்கும் இரண்டையும் சரி செய்யாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

திரையில் `AWB` என்று காட்டும் ஆட்டோவை நம்பலாமா? காட்சியில் உள்ள நிறங்களைப் பார்த்து வெளிச்சம் என்ன என்று அது ஊகிக்கிறது. பிரேம் முழுக்க ஒரே சிவப்பு டி-ஷர்ட் இருந்தால், வெளிச்சமே சிவப்பு என்று ஏமாந்து சிவப்பைக் குறைத்துவிடலாம். அடுத்து நீலச் சட்டையை வைத்தால் வேறு மாதிரி திருத்தும். ஒரே ஆர்டரின் ஐந்து கலர்களும் ஐந்து விதமாக வருவது இதனால்தான்.

சாயமா, வெளிச்சமா?

நான் டிரெயினிங் போயிருந்த இடத்தில் பார்த்தது இது. கிரே மெலாஞ்ச் போலோ சட்டை ஒன்று. படத்தில் இடது கை நீலமாகவும் வலது கை பழுப்பாகவும் தெரிந்தது. பையரிடமிருந்து, "இரண்டு கையும் வேறு வேறு லாட் துணியா?" என்று கேள்வி வந்துவிட்டது. ஷேடு வேரியேஷன் என்று முடிவு கட்டினால் கட்டிங்குக்குப் போன துணி முழுவதும் நிற்கும். டையிங்காரர் தலையில் பழி விழும். சூப்பர்வைசர் அண்ணா பதறவில்லை. சட்டையை அப்படியே தலைகீழாகத் திருப்பி வைத்து இன்னொரு படம் எடுக்கச் சொன்னார். சாயத்தில் கோளாறு என்றால் நீலம் சட்டையின் கையோடு சேர்ந்து மறுபக்கம் போயிருக்க வேண்டும். போகவில்லை. எந்தக் கை ஜன்னல் பக்கம் வந்ததோ அந்தக் கை நீலமானது. ஆக, குற்றம் ரூமில், துணியில் இல்லை.

இன்னொரு சோதனையும் உண்டு, காசே செலவில்லை. மேஜை மேல் வெள்ளைத் தாள் விரித்து, அதன்மேல் ஒரு பென்சிலை நட்டு வையுங்கள். ஒரே வகை வெளிச்சம் என்றால் நிழல் வெறும் சாம்பலாக இருக்கும். ஜன்னலும் பல்பும் கலந்திருந்தால் இரண்டு நிழல் விழும்: ஒன்று நீலமாக, ஒன்று ஆரஞ்சாக. ஜன்னலை மறைக்கும் நிழலுக்குள் பல்பு வெளிச்சம் மட்டும் விழுவதால் அது ஆரஞ்சு. பல்பை மறைக்கும் நிழல் நீலம். நிறமுள்ள நிழல் தெரிந்தால் கேமராவையே தொடாதீர்கள். முதலில் விளக்கைக் கவனியுங்கள்.

என்ன செய்யலாம்?

அந்த ரூமில் இடது பக்கம் வடக்கு ஜன்னல், தலைக்கு மேல் எல்.இ.டி. ட்யூப், வலது பக்கம் அயர்ன் டேபிளுக்கு மேலே குண்டு பல்பு. முதல் வேலை, மூன்றை ஒன்றாக்குவது. குண்டு பல்பை அணைத்துவிடலாம். அணைக்க முடியாது என்றால் அதைக் கழற்றி, ட்யூபின் கம்பெனியிலேயே அதே 6500 கெல்வின் எல்.இ.டி. பல்பைப் போடலாம். ஸ்டூடியோக்காரர்கள் பல்புக்கு முன்னால் நீல ஜெலட்டின் தாள் கட்டுவார்கள். அது 3200 கெல்வின் ஸ்டூடியோ விளக்குக்காகச் செய்தது. 2700 குண்டு பல்புக்குக் கட்டினால் சுமார் 4300 வரைதான் ஏறும். வெளிச்சத்திலும் பாதிக்கு மேல் போய்விடும். நமக்கு அது லாபமில்லை.

பிறகு ஜன்னலா, ட்யூபா? காலை 10 மணிக்கு மேல் 3 மணிக்குள் ஓரிரு சட்டைதான் என்றால் ட்யூபை அணைத்துவிட்டு ஜன்னலை வைத்துக்கொள்வது நல்லது. நிறம் மிகச் சரியாக வரும். நாள் முழுக்க ஐம்பது சாம்பிள் என்றால் மேகம் வரும் போகும், படத்துக்குப் படம் மாறும். அப்போது கனமான துணியால் ஜன்னலை மூடி, ட்யூபை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் சிவப்புத் துணி ரோல் அடுக்கி வைத்திருந்தாலும் நகர்த்திவிடுங்கள். அதன் மேல் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் ஒரு விளக்குத்தான்.

வெளிச்சம் ஒன்றான பின், சாம்பல் அட்டையைச் சட்டை இருக்கும் அதே இடத்தில், அதே சாய்வில் வைத்து, பிரேமை நிரப்பிப் படம் எடுத்து, அதையே கஸ்டம் ஒயிட் பேலன்ஸாகக் கேமராவில் ஏற்றுங்கள். அந்த வெளிச்சம் மாறும்வரை எல்லாச் சட்டைக்கும் அதே செட்டிங். செல்போன் என்றால் புரோ மோடில் கெல்வின் எண்ணைக் கையால் வைத்து, அட்டை சாம்பலாகத் தெரியும்வரை நகர்த்தலாம்.

வெள்ளை பனியனைக் காட்டி செட் செய்யாதீர்கள்

அட்டை இல்லையே என்று பக்கத்தில் கிடக்கும் வெள்ளை பனியனைக் காட்டி செட் செய்வது நம்ம ஊரில் சகஜம். இதில் ஒரு வில்லங்கம் உண்டு. பளிச் வெள்ளைக்காகத் துணியில் ஏற்றும் ஆப்டிகல் பிரைட்னர் (டினோபால் என்றால் எல்லோருக்கும் தெரியும்), கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல வெளிச்சமாகத் திருப்பி விடுகிறது. ஜன்னல் வெளிச்சத்தில் அந்தக் கதிர் உண்டு. ஆகவே பனியன் உள்ளதைவிட நீலமாகப் பதியும். கேமரா நீலத்தைக் குறைக்கும். மற்றச் சட்டைகள் மஞ்சளடிக்கும். சாதாரண எல்.இ.டி.யில் புற ஊதா ஏறக்குறைய இல்லை. அதனால் அதே பனியன் ட்யூபின் கீழே மங்கலாகத் தெரியும். வெயிலில் பளிச்சென்று இருந்த வெள்ளை, ரூமுக்குள் வந்ததும் டல்லடிக்கிறதே என்று பையர் கேட்பதற்கும் இதுவே காரணம்.

ஒயிட் பேலன்ஸால் முடியாதது

எல்லாம் சரியாகச் செய்தும், சாம்பல் அட்டை அச்சு அசலாகச் சாம்பலாக வந்தும், சிவப்புச் சட்டை மட்டும் உயிரில்லாமல் வருவதுண்டு. குண்டு பல்பிலும் வெயிலிலும் எல்லா நிறமும் தொடர்ச்சியாக இருக்கும். எல்.இ.டி. அப்படியல்ல, நீலச் சில்லின் வெளிச்சத்தை மஞ்சள் பாஸ்பர் பூச்சு மாற்றித் தருகிறது. மலிவான ட்யூபில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. வெளிச்சத்திலேயே இல்லாத சிவப்பைத் துணி எங்கிருந்து திருப்பித் தரும்? எந்த எண்ணால் பெருக்கினாலும் அது வராது. சி.ஆர்.ஐ. 95-க்கு மேல், அதிலும் சிவப்புக்கான ஆர்9 மதிப்பு அதிகமுள்ள விளக்கை வாங்கினால் பெரும்பகுதி தீரும்.

இரண்டாவது, மெட்டாமெரிசம். பாடி துணிக்கு ஒரு சாயக் கலவை, காலர் ரிப்புக்கு வேறொரு கலவை. இரண்டும் வெயிலில் பொருந்தும். குண்டு பல்பில் பிரிந்துபோகும். இது வெளிச்சக் கலப்பால் வந்ததல்ல, சாயத்தின் குணம். முன்னே சொன்ன திருப்பிப் பார்க்கும் சோதனையில், இந்த வித்தியாசம் சட்டையோடு சேர்ந்தே நகரும். அப்போதுதான் டையிங்குக்குத் திருப்பி அனுப்ப வேண்டும்.

இதனால்தான் லைட் பாக்ஸில் டி65 பகல் வெளிச்சம், டிஎல்84 கடை வெளிச்சம், குண்டு பல்புக்கு ஈடான இலுமினன்ட் ஏ (2856 கெல்வின்) என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறார்கள். ஒருபோதும் சேர்த்துப் போடுவதில்லை. ஐரோப்பாவில் 2023 ஆகஸ்டு முதல் அந்த வகை புளோரசன்ட் ட்யூப்களைப் புதிதாகச் சந்தைக்குக் கொண்டுவரத் தடை வந்துவிட்டது, கடைகள் எல்.இ.டி.க்கு மாறுகின்றன. ஆகவே பையர் எந்த விளக்கில் பார்க்கச் சொல்கிறார் என்பதை ஆர்டர் ஷீட்டில் படித்துவிட்டுத்தான் ஷேடு பார்க்க வேண்டும்.

லேப் டிப்பைப் படத்தை வைத்து ஓகே வாங்காதீர்கள். படம் ஸ்டைலுக்கும் அளவுக்கும் சாட்சி. நிறத்துக்குச் சாட்சி துணித்துண்டுதான். அடுத்த முறை சாம்பிள் ரூமுக்குள் போகும்போது சட்டைப்பையில் ஒரு பென்சிலும், கையில் ஒரு சாம்பல் அட்டையும் இருக்கட்டும்.