உங்க போன்ல புது பக்கம், கஸ்டமர் போன்ல பழைய பக்கம்... குழப்பத்தைத் தீர்க்கும் dig, nslookup! எப்படிப் பயன்படுத்துவது?

வெப்சைட்டை ஒரு நிறுவனத்தின் சர்வரில் இருந்து வேறு நிறுவனத்தின் சர்வருக்கு மாற்றியாச்சு. கடைக்காரரின் போனில் புதிய பக்கம் பளிச்சென்று திறக்கிறது. ஆனால் கஸ்டமர் ஒருவர், "பழைய விலைதானே காட்டுது" என்கிறார். அவர் போட்ட ஆர்டரும் வந்து சேரவில்லை. ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு போன் போட்டால், "24 முதல் 48 மணி நேரம் ஆகும் சார், வெயிட் பண்ணுங்க" என்று பதில் வருகிறது.

உண்மையிலேயே 48 மணி நேரம் ஆகுமா? பழைய சர்வரை எப்போது நிறுத்தலாம்? இதற்கு ஊகத்தில் பதில் சொல்லத் தேவையில்லை. இரண்டு சின்ன கட்டளைகள் போதும். நிமிடக் கணக்கிலேயே பதில் கிடைக்கும்.

ஒரே பெயருக்கு இரண்டு பதில் எப்படி வருகிறது?

வெப்சைட்டின் பெயரை டைப் செய்ததும், அந்தப் பெயருக்கு உரிய ஐபி முகவரி என்ன என்று போன் ஒரு டிஎன்எஸ் சர்வரிடம் கேட்கும். பெரும்பாலும் அது உங்கள் இன்டர்நெட் நிறுவனத்தின் சர்வராக இருக்கும். சிலர் கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 போன்ற பொது சர்வர்களை வைத்திருப்பார்கள்.

இந்த சர்வர்கள் ஒவ்வொரு முறையும் புதிதாக விசாரிப்பதில்லை. ஒருமுறை கிடைத்த பதிலை மனதில் வைத்துக்கொண்டு, அடுத்து கேட்பவர்களுக்கும் அதையே சொல்லும். எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்பதை டொமைன் உரிமையாளரே விநாடியில் குறித்து வைத்திருப்பார். அதற்குப் பெயர் டிடிஎல்.

அசல் பதிவு இருக்கும் இடம் வேறு. அதை அதிகாரபூர்வ நேம்சர்வர் என்பார்கள். கடைக்காரர் முகவரியை மாற்றுவது அங்கேதான். அங்கே மாறியதும் மற்ற சர்வர்களுக்கு யாரும் தகவல் அனுப்ப மாட்டார்கள். அவரவர் கையில் இருக்கும் பழைய பதிலின் நேரம் முடிந்த பிறகுதான் புதிதாகக் கேட்பார்கள். இரண்டு பேருக்கு இரண்டு பக்கம் தெரிவது இதனால்தான்.

எந்தக் கருவி எங்கே இருக்கும்?

விண்டோஸ் கம்ப்யூட்டரில் nslookup ஏற்கெனவே இருக்கிறது. கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து டைப் செய்தால் போதும். மேக்கில் dig, nslookup இரண்டுமே உண்டு. ஆண்ட்ராய்டு போனில் டெர்மக்ஸ் செயலியை நிறுவி, அதற்குள் `pkg install dnsutils` என்று கொடுத்தால் இரண்டும் கிடைக்கும்.

சர்வர் பெயர் எதுவும் சொல்லாமல் கேட்டால், கருவியில் அமைக்கப்பட்டிருக்கும் சர்வரிடம் கேள்வி போகும். குறிப்பிட்ட சர்வரிடம்தான் கேட்க வேண்டும் என்றால் இப்படி எழுத வேண்டும்:

```
nslookup example.com 8.8.8.8
dig @8.8.8.8 example.com
```

nslookup-ல் சர்வர் கடைசியில் வரும். dig-ல் @ குறியோடு வரும். வித்தியாசம் அவ்வளவுதான்.

கடைக்காரர் விஷயத்துக்கு வருவோம்

கடையின் டொமைன் example.com என்று வைத்துக்கொள்வோம். பழைய முகவரி 198.51.100.10. புதியது 203.0.113.20. காலை 10 மணிக்கு முகவரியை மாற்றினார். கஸ்டமரின் புகார் வந்து அவர் சோதிக்க உட்காரும்போது மணி 11.18.

முதலில் கேட்க வேண்டியது அசல் சர்வரிடம். அது எது என்று ஒரு கட்டளையில் தெரிந்துகொண்டு, அடுத்த கட்டளையில் அதனிடமே கேட்கலாம்:

```
dig example.com NS +short
ns1.example.net.

dig @ns1.example.net example.com
example.com.  14400  IN  A  203.0.113.20
```

புதிய முகவரி வருகிறது. அப்போ மாற்றம் சரியாகவே பதிவாகியிருக்கிறது. மேலே flags என்ற வரியில் aa என்று இருந்தால், இது அசல் சர்வரே தரும் பதில் என்று பொருள். இந்த இடத்திலேயே பழைய முகவரி வந்தால், எத்தனை நாள் காத்திருந்தாலும் பயன் இல்லை. முகவரியை வேறு எங்கோ மாற்றியிருக்கிறீர்கள், அல்லது சேமிக்கவில்லை.

அடுத்து கஸ்டமர் பயன்படுத்தும் சர்வர். இங்கே ஒரு சிக்கல். இன்டர்நெட் நிறுவனங்களின் டிஎன்எஸ் சர்வர்கள் பொதுவாகத் தங்கள் இணைப்பில் இருப்பவர்களுக்கு மட்டுமே பதில் சொல்லும். வெளியிலிருந்து கேட்டால் REFUSED என்று வரும், அல்லது பதிலே வராது. அதனால் இந்தச் சோதனையை கஸ்டமரின் வீட்டு இணைப்பிலேயே செய்ய வேண்டும். அவர் லேப்டாப்பில் இதைப் போடச் சொல்லலாம்:

```
nslookup -debug example.com
```

சாதாரண nslookup டிடிஎல்லைக் காட்டாது. -debug சேர்த்தால்தான் காட்டும். வரும் பதிலில் இரண்டு விஷயத்தை மட்டும் தேடினால் போதும். ஒன்று முகவரி: 198.51.100.10. இன்னொன்று ttl = 9120.

விடை இதில்தான் இருக்கிறது. டிடிஎல் தொடங்கியது 14400-ல், அதாவது 4 மணி நேரம். இப்போது மீதி 9120 விநாடி, அதாவது 2 மணி 32 நிமிடம். 11.18-உடன் கூட்டினால் மதியம் 1.50. அந்த நேரத்தில் இந்த சர்வர் பழைய பதிலை மறந்துவிட்டுப் புதிதாகக் கேட்கும். பின்னோக்கிக் கணக்குப் போட்டால், காலை 9.50-க்கு, முகவரியை மாற்றுவதற்குப் பத்து நிமிடம் முன்பு யாரோ கேட்டபோது வாங்கி வைத்த பதில் அது என்பதும் தெரிகிறது.

காலை 10 மணிக்கு ஒரு விநாடி முன்னால் பழைய பதிலை வாங்கிய சர்வர்கூட மதியம் 2 மணிக்கு அதை விட்டுவிட வேண்டும். ஆக, பழைய சர்வரை அதுவரை நிறுத்தக் கூடாது. டிடிஎல்லைத் தாண்டியும் பதிலை வைத்திருக்கும் சில சர்வர்கள் உண்டு என்பதால், ஒரு நாள் கூடுதலாக ஓடவிட்டு, அதில் விழும் ஆர்டர்களையும் எடுத்துக்கொள்வது நல்லது.

அப்போ அந்த 48 மணி நேரம்?

அது முழுப் பொய் இல்லை. முகவரியை மட்டும் மாற்றாமல், நேம்சர்வரையே மாற்றியிருந்தால் கணக்கு வேறு. ".com டொமைனுக்கு நேம்சர்வர் எது" என்ற தகவல் .com பதிவேட்டின் சர்வர்களில் இருக்கிறது. அங்கே கேட்டுப் பார்க்கலாம்:

```
dig @a.gtld-servers.net example.com NS
```

அதில் வரும் டிடிஎல் 172800 விநாடி. சரியாக 48 மணி நேரம்! நேம்சர்வரை மாற்றியவர்கள் பழைய நேம்சர்வரிலும் புதிய முகவரியை எழுதி, இரண்டு நாள் அப்படியே வைத்திருக்க வேண்டும். முகவரியை மட்டும் மாற்றியவர்கள் தங்கள் டிடிஎல் அளவுக்குக் காத்திருந்தால் போதும்.

8.8.8.8 மாற்றி மாற்றிச் சொல்கிறதே?

ஒரே கட்டளையை நான்கு முறை போட்டால் ஒருமுறை பழையதும் மறுமுறை புதியதும் வரலாம். பயப்பட வேண்டாம். 8.8.8.8 என்பது ஒரே கம்ப்யூட்டர் இல்லை. அந்த முகவரிக்குப் பின்னால் பல சர்வர்கள், தனித்தனி நினைவோடு இருக்கின்றன. உங்கள் கேள்வி எதில் விழுகிறதோ அதன் பதில் வரும். அவசரம் என்றால், கூகுளும் கிளவுட்ஃபிளேரும் தங்கள் சர்வர் நினைவில் இருக்கும் பழைய பதிலை அழிக்க தனிப் பக்கமே வைத்திருக்கின்றன. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்.

பதில் வேறுபட்டாலே தவறு என்றும் முடிவு கட்டக் கூடாது. பெரிய தளங்கள் ஊருக்கு ஊர் சர்வர் வைத்திருக்கும். கேட்பவருக்குப் பக்கத்தில் இருக்கும் முகவரியைக் கொடுக்கும். அங்கே 8.8.8.8 ஒன்றும் 1.1.1.1 வேறொன்றும் சொல்வது இயல்பு.

8.8.8.8-தான் பதில் சொன்னதா?

2014 மார்ச்சில் துருக்கி அரசு ட்விட்டரைத் தடை செய்தது. முதலில் அங்குள்ள நிறுவனங்களின் டிஎன்எஸ் பதிலை மாற்றித்தான் தடுத்தார்கள். மக்கள் 8.8.8.8-க்கு மாறினார்கள். அந்த எண்ணைச் சுவர்களில்கூட எழுதி வைத்தார்கள். ஆனால் அந்த மாத இறுதியில் கூகுள் ஒன்றை அறிவித்தது. துருக்கியின் பெரும்பாலான இன்டர்நெட் நிறுவனங்கள் கூகுளின் டிஎன்எஸ் போல வேடமிட்ட சர்வர்களை வைத்து, கேள்விகளை வழியிலேயே மடக்குகின்றன என்று!

சாதாரண டிஎன்எஸ் கேள்வி 53-ஆம் எண் போர்ட்டில், பூட்டில்லாத தபால் கார்டு போலத்தான் போகும். நடுவில் இருப்பவர் படிக்கலாம், வேறு பதிலும் எழுதலாம். dig காட்டும் SERVER வரியில் 8.8.8.8 என்று இருப்பது, நீங்கள் யாரிடம் கேட்டீர்கள் என்பதற்குத்தான் அத்தாட்சி. யார் பதில் சொன்னார்கள் என்பதற்கு அல்ல.

உங்கள் இணைப்பில் அப்படி நடக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி, சர்வரே இல்லாத முகவரியிடம் கேட்பது:

```
dig @192.0.2.1 example.com
```

192.0.2.1 என்பது பாடப்புத்தக உதாரணங்களுக்காக ஒதுக்கப்பட்ட முகவரி. அங்கே யாரும் இல்லை. அதனால் சற்று நேரம் காத்திருந்து, no servers could be reached என்று வருவதே சரி. மாறாக ஐபி முகவரியோடு பதில் வந்தால், வழியில் யாரோ உங்கள் கேள்வியை மடக்கிப் பதில் சொல்கிறார்கள். அந்த இணைப்பில் @ போட்டு எத்தனை சர்வரிடம் கேட்டாலும், ஒரே வாய்தான் பேசும். ஒப்பீடு செல்லாது. வேறு இணைப்பில் போய்ச் சோதிக்க வேண்டும்.

எல்லாம் சரி, பிரவுசரில் மட்டும் பழையதா?

எல்லா சர்வரும் புதிய முகவரியைச் சொல்லியும் பிரவுசர் பழைய பக்கத்தைக் காட்டினால், டிஎன்எஸ் சர்வர்களில் தவறு இல்லை. dig-ம் nslookup-ம் கம்ப்யூட்டரின் hosts கோப்பைப் பார்ப்பதில்லை. பிரவுசர் அதைப் பார்க்கும். தனக்கென வேறு டிஎன்எஸ் சர்வரும் வைத்திருக்கலாம். முன்பு சோதனைக்காக hosts கோப்பில் எழுதிய ஒரு வரி மறந்துபோய் அங்கேயே கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். விண்டோஸில் `ipconfig /flushdns` போட்டு, பிரவுசரை மூடித் திறந்து பார்ப்பது அடுத்தது.

அடுத்த முறை வெப்சைட்டை மாற்றும் முன், முந்தைய நாளே டிடிஎல்லை 300 ஆகக் குறைத்துவிட்டால் இந்தத் தலைவலி ஐந்து நிமிடத்தில் முடியும். ஆனால் குறைத்த உடனே முகவரியை மாற்றக் கூடாது. பழைய 14400 விநாடி முடியும்வரை அந்த 300 மற்ற சர்வர்களுக்குத் தெரியாது. 4 மணி நேரம் கழித்து, dig-ல் 300-க்கு மேல் எண் வரவில்லை என்று பார்த்துவிட்டு மாற்றினால், கஸ்டமரின் ஆர்டர் பழைய சர்வரில் சிக்காது.