மார்பு விரிந்த பிறகே காற்று

'மூச்சை இழுத்ததும் காற்று உள்ளே போகிறது, அதனால் நுரையீரல் விரிகிறது.' உயிரியல் தேர்வில் மாணவர்கள் எளிதில் எழுதிவிடும் வரி இது. நடப்பது இதற்கு நேர்மாறு. முதலில் விரிவது மார்பு. காற்று பிறகுதான் வருகிறது.

தானாக விரிந்துகொள்ளும் தசை நுரையீரலில் கிடையாது. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே மேல்நோக்கி வளைந்திருக்கும் உதரவிதானம்தான் பெரும்பாலான வேலையைச் செய்கிறது. அது சுருங்கும்போது தட்டையாகிக் கீழே இறங்குகிறது. விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் விலாக்கூட்டை மேலும் வெளியுமாகத் தூக்குகின்றன. மார்பறை பெரிதாக, கூடவே நுரையீரலும் விரிகிறது. உள்ளே அழுத்தம் சற்றே குறைய, கொல்லனின் துருத்தியை விரித்தால் காற்று புகுவதுபோல வெளிக்காற்று நுழைகிறது. தசைகள் தளர்ந்ததும் நுரையீரல் தன் மீள்தன்மையால் சுருங்கிக் காற்றை வெளியேற்றிவிடும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது மூச்சை விடத் தனி உழைப்பு தேவையில்லை.

அப்படி வரும் ஒரு மூச்சு சுமார் 500 மில்லிலிட்டர். அதில் 150 மூச்சுக்குழாய்களிலேயே நின்றுவிடும். மீதிதான் காற்று நுண்ணறைகளை எட்டுகிறது. வாயுப் பரிமாற்றம் நடக்கும் இடம் அதுதான்.

நுண்ணறையின் சுவரும் அதை ஒட்டிய இரத்தத் தந்துகியின் சுவரும் ஒரே அடுக்குச் செல்களால் ஆனவை. நுண்ணறையில் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் சுமார் 104 மி.மீ. பாதரசம், அங்கே வந்துசேரும் இரத்தத்தில் 40. அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு ஆக்சிஜன் விரவிச் சென்று, சிவப்பணுவின் ஹீமோகுளோபினோடு சேர்கிறது. கார்பன் டை ஆக்சைடு இரத்தத்தில் 45, நுண்ணறையில் 40. ஆகவே அது எதிர்த்திசையில் வெளியேறுகிறது. ஒன்றுக்கு வித்தியாசம் 64, மற்றதற்கு வெறும் 5. இருந்தும் கார்பன் டை ஆக்சைடு தடையின்றி வெளியேறக் காரணம், அது ஆக்சிஜனைவிட ஏறத்தாழ 20 மடங்கு எளிதாக நீரில் கரையும் என்பதே.

நிமோனியாவில் இந்த வேறுபாடு வெளிப்படையாகத் தெரியும். நுண்ணறைகள் சிலவற்றில் நீர் கோத்துக்கொள்ள, அவற்றைச் சுற்றி ஓடும் இரத்தம் ஆக்சிஜன் பெறாமலே திரும்புகிறது. நோயாளி வேகமாக மூச்சு வாங்கினால் நல்ல நுண்ணறைகள் வழியே கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடும். ஆக்சிஜன் குறை மட்டும் தீராது. நல்ல பகுதியின் ஹீமோகுளோபின் ஏற்கெனவே நிறைந்திருப்பதால் அதற்குமேல் ஏற்ற இடமில்லை. மூச்சுத்திணறல் உணர்வைப் பெரிதும் கிளப்புவது கார்பன் டை ஆக்சைடு. அதனால்தான் கொரோனா காலத்தில் பேச்சும் நடையும் சரியாக இருந்த சிலருக்கும் விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 90-க்குக் கீழே காட்டியது.

தேர்வில் இந்தக் கேள்வி வந்தால், தசை, மார்பறை, அழுத்தம், காற்று என்ற வரிசையில் எழுதுங்கள். நுண்ணறைப் படத்தில் இரண்டு வாயுக்களுக்கும் அம்புக்குறி போட்டு, பக்கத்திலேயே 104, 40, 45, 40 என்ற எண்களைக் குறிக்க மறக்காதீர்கள்.